தாயம் விழ ஏழு வாரம்

போன வாரம் வியாழக்கிழமை இரவு, வேளச்சேரியில் மழை நின்ற நேரம், என் தாய விளையாட்டு ப்ளே ஸ்டோரில் வந்துவிட்டது. விளையாட்டை எழுதியது எட்டு மாதம், வார இறுதிகளில் மட்டும். கடைக்குள் அனுப்பிவைத்தது ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். இரண்டுமே என் தப்புதான், எங்கே தவறினேன் என்பதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

விளையாட்டு இதுதான்: வீட்டில் பாட்டி தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடும் தாயம். இரண்டு பித்தளைக் கட்டை, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3. ஒன்று விழுந்தால் தாயம், காய் இறங்கும். இரண்டும் பூஜ்யமாக விழுந்தால் பன்னிரண்டு. யூனிட்டி என்ற விளையாட்டு செய்யும் மென்பொருளில் செய்தேன். அக்கா மகனுக்கு எட்டு வயது, அவன்தான் முதல் ஆட்டக்காரன்.

ப்ளே ஸ்டோரில் டெவலப்பர் கணக்குத் திறக்க ஒரே தடவை 25 டாலர். கார்டில் பிடித்தது 2,200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அடையாளச் சான்று சரிபார்க்க நான்கு நாள். அதற்குள் 512க்கு 512 ஐகான், 1024க்கு 500 முகப்புப் படம், கைபேசி ஸ்கிரீன்ஷாட்கள் எல்லாம் தயார் செய்தேன். சரிபார்ப்பு முடிந்ததுமே என் சோதனைக்காக 4-ஆம் பதிப்பை இன்டர்னல் டெஸ்டிங் என்ற சோதனைத் தடத்தில் ஏற்றிவைத்து, அதை அடியோடு மறந்துவிட்டேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வயது மதிப்பீட்டுக் கேள்வித்தாள். இதை ப்ளே ஸ்டோர் தானாகச் செய்வதில்லை. ஐ.ஏ.ஆர்.சி. என்ற பொது அமைப்பின் கேள்வித்தாளை நாம் நிரப்ப வேண்டும். வன்முறை உண்டா, பயமுறுத்துமா, கெட்ட வார்த்தை உண்டா, சூதாட்டம் உண்டா என்று கேட்கும். நாம் சொல்லும் பதிலை வைத்து அமெரிக்காவுக்கு ஒரு மதிப்பீடு, ஐரோப்பாவுக்கு ஒன்று, ஆஸ்திரேலியாவுக்கு ஒன்று என்று ஒரே நேரத்தில் பிறந்துவிடும். தனி மதிப்பீட்டு அமைப்பு இதில் சேராத இந்தியா போன்ற நாடுகளுக்கு 3+, 7+ என்று பொதுவான எண் வரும். காசு கிடையாது, பத்து நிமிட வேலை.

பத்து நிமிடத்தில் நான் செய்த காரியம், எட்டு வயதுப் பையனுக்காக எழுதிய விளையாட்டுக்குப் பல இடங்களில் 18+ வாங்கியது.

சூதாட்டத்தைச் சித்திரிக்கிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று போட்டிருந்தேன். கட்டை உருட்டுகிறோமே, உண்மையாக இருப்போம் என்று நினைத்தேன். மதிப்பீட்டுப் பக்கத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்திரேலியாவில் 2024 செப்டம்பரிலிருந்து சூதாட்டத்தைப் போலச் செய்துகாட்டும் விளையாட்டுக்கு 18 வயதுக்கு மேல் என்ற மதிப்பீடுதான் குறைந்தபட்சம். ஐரோப்பாவின் மதிப்பீட்டு அமைப்பான பெகியும் சூதாட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் புது விளையாட்டுகளுக்கு 18 தருகிறது.

கேள்வியை மறுபடி வரி வரியாகப் படித்தேன். கட்டை உருட்டுவது மட்டும் சூதாட்டம் ஆகாது. பாம்பு ஏணியிலும் கட்டை உண்டு. ஏதாவது ஒன்றைப் பந்தயம் வைத்து, அதிர்ஷ்டத்தை நம்பி ஜெயிப்பதுதான் அவர்கள் கேட்பது. ‘இல்லை’ என்று மாற்றப்போன கை பாதியில் நின்றது. ஏனென்றால் என் விளையாட்டில் பந்தயம் இருந்தது. ஆட்டம் தொடங்கும்போது இரண்டு பேரும் பத்துப் பத்து சோழி வைப்பார்கள், ஜெயித்தவருக்கு இருபதும் போகும். நிஜக் காசு இல்லைதான். ஆனால் கேள்வி நிஜக் காசைப் பற்றியது மட்டும் அல்ல.

எடுத்துவிட்டேன். இப்போது ஜெயித்தால் ஐந்து சோழி பரிசு, தோற்றால் எதுவும் போகாது. மாற்றியது ஒரு மாலை வேலை. அதன் பிறகு மனசாட்சிக்கு விரோதமில்லாமல் ‘இல்லை’ போட்டேன், இந்தியாவுக்கு 3+ வந்தது. பந்தயத்தை வைத்துக்கொண்டே ‘இல்லை’ போட்டிருந்தாலும் அன்றைக்கு 3+ வந்திருக்கும். ஆனால் தவறான பதில் பின்னால் தெரிந்தால் மதிப்பீட்டை மாற்றலாம், விளையாட்டையே எடுத்தும் விடலாம். அப்புறம், ‘வெட்டு’ என்ற சொல்லைப் பற்றி ஒரு சின்னக் கவலை இருந்தது. காய் இன்னொரு காயை வெட்டுவது வன்முறையா? அது வெறுமனே மனைக்குத் திரும்புகிறது, ரத்தம் இல்லை, அடியும் இல்லை. வன்முறைக்கு ‘இல்லை’. ஆனால் ஆங்கில விவரணையில் அந்தச் சொல்லை அப்படியே மொழிபெயர்த்து வைத்திருந்ததைப் பார்த்து நானே பயந்து, ‘காயை வீட்டுக்கு அனுப்பலாம்’ என்ற பொருளில் மாற்றினேன்.

3+ வந்ததும் குழந்தைகள் விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் பெரிய தப்பு. மதிப்பீடு சொல்வது விளையாட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை. யாருக்காகச் செய்தாய் என்பது வேறு பக்கம், `Target audience and content` என்று, விளையாட்டை ஏற்றி நிர்வகிக்கும் ப்ளே கன்சோலில் இருக்கும். 5 வயதுக்குள், 6–8, 9–12, 13–15, 16–17, 18க்கு மேல் என்று பெட்டிகள். எந்தப் பெட்டியைத் தொடுகிறோமோ அதைப் பொறுத்துக் குடும்பக் கொள்கை என்ற தனி விதித்தொகுப்பு நம் மேல் வரும், அல்லது வராது. 3+ வாங்கிய வங்கிச் செயலி குழந்தைகளுக்கானது ஆகிவிடாது. அதே மாதிரிதான்.

இந்த விதித்தொகுப்பைப் படித்தேன், விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு, தகவல் சேகரிப்புக்குக் கட்டுப்பாடு. சரி, வம்பு வேண்டாம் என்று 13க்கு மேலுள்ள மூன்று பெட்டிகளை மட்டும் தொட்டேன். தாயம் பெரியவர்களும் ஆடுவதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழைத்தவர்கள் மட்டும் ஆடிப்பார்க்கும் க்ளோஸ்டு டெஸ்டுக்கு அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. முகப்புப் படத்தில் இரட்டைச் சடை போட்ட சிறுமி, பக்கத்தில் கண்ணடிக்கும் அணில், விவரணையின் முதல் வரியில் ‘குட்டிகளுக்கு’ என்ற வார்த்தை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு 13க்கு மேல் என்றால் யார் நம்புவார்கள்? படமும் எழுத்தும் குழந்தைகளை ஈர்த்தால், நாம் சொன்ன வயது செல்லாது. முகப்புப் படத்தை மாற்றி அணிலைத் துரத்திவிடலாம், அல்லது உண்மையை ஒத்துக்கொள்ளலாம். அணிலை வரைந்தது என் அக்கா. துரத்த முடியாது.

உண்மையை ஒத்துக்கொள்வதிலும் இரண்டு வழி இருந்தது. குழந்தைகள், பெரியவர்கள் இரு தரப்பும் என்றால் கலப்புப் பயனர்கள். அப்போது விளையாட்டுக்குள் வயது கேட்டுப் பிரித்து, சின்னவர்களிடம் ஒரு மாதிரி, பெரியவர்களிடம் ஒரு மாதிரி நடந்துகொள்ளலாம். பெரியவர்களிடம் வழக்கமான விளம்பரம் காட்டலாம் என்ற சபலம். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து வயதுத் திரை செய்தேன்: ‘உங்களுக்கு 13 வயது ஆகிவிட்டதா?’ ஆம், இல்லை.

அக்கா மகனிடம் கொடுத்தேன். திரையை வாசித்தான், என்னைப் பார்த்தான், ‘ஆம்’ மேல் விரலை வைத்தான்.

“டேய், உனக்கு எட்டுதானே?”

“இல்லைன்னு போட்டா விளையாட விடாது மாமா, தெரியாதா?”

இல்லை போட்டாலும் விளையாட விடும், விளம்பரம்தான் மாறும். ஆனால் அவன் சொன்னதில் ஒரு விஷயம் சரி. கேள்வி கேட்ட விதமே எந்தப் பதில் வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறது. விதியும் இதைத்தான் நடுநிலையான வயதுத் திரை என்கிறது: இன்ன வயது சொன்னால் இன்னது கிடைக்கும் என்ற ஜாடை இருக்கக் கூடாது. பிறந்த ஆண்டை மட்டும் கேட்கும் சுழல் பட்டியலாக மாற்றினேன். அதையும் கொடுத்தேன். பட்டியலைச் சுழற்றிக்கொண்டே, “அப்பா பொறந்த வருஷம் போடவா மாமா?” என்றான். விதிப்படி பார்த்தால் அந்தத் திரை நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் எனக்கு இதன் மேல் ஆசை போய்விட்டது. அத்தனை வேலையும் தூக்கிப் போட்டுவிட்டு, 6–8, 9–12 இரண்டு பெட்டிகளை மட்டும் தொட்டேன். ஆடுபவர் எல்லோரையும் குழந்தையாகவே நடத்திவிட்டால் யாரையும் வயது கேட்க வேண்டாம். பாட்டிகள் இறக்கி ஆடுவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

விளம்பரத்தை அப்போதும் விடவில்லை. குழந்தைகளுக்கான விளையாட்டில் விளம்பரம் காட்டலாம், குடும்பக் கொள்கைக்கு உட்படுவதாகச் சான்று கொடுத்த விளம்பர நூலகமாக, அதாவது எஸ்.டி.கே.வாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் வைத்திருந்தது அந்தப் பட்டியலில் இருந்தது. குழந்தைகளுக்கானது என்ற கொடியைத் தொடக்கத்திலேயே அமைத்தேன்:

```csharp
var c = new RequestConfiguration {
  TagForChildDirectedTreatment = TagForChildDirectedTreatment.True,
  MaxAdContentRating = MaxAdContentRating.G
};
MobileAds.SetRequestConfiguration(c);
```

இதோடு க்ளோஸ்டு டெஸ்ட் அனுமதியானது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு: குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். நான் கணக்காக 12 பேரைப் பிடித்தேன். ஆபீஸில் ஐந்து பேர், மாடி வீட்டுக்காரர், சித்தப்பா பையன்கள், தண்டீஸ்வரம் பக்கம் மெஸ் நடத்தும் அண்ணன். ஒன்பதாம் நாள் ஆபீஸ் நண்பன் ஒருவன் கைபேசியில் இடம் இல்லை என்று விளையாட்டை அழித்ததோடு நிற்காமல், சோதனையிலிருந்தும் விலகிவிட்டான். “மச்சான், ஒரு ஆள்தானே?” என்றான். பதினொன்றானது. புதிதாக ஒருவர் வந்தால் அவருக்கு 14 நாள் முதலிலிருந்து. அன்றைக்கே இன்னும் நான்கு பேரைச் சேர்த்துப் பதினைந்தாக்கினேன். இழந்தது ஒன்பது நாள். அடுத்த முறை முதல் நாளே பதினாறு பேர்.

காத்திருந்த நாட்களில் `Data safety` படிவத்தை நிரப்பினேன். என்ன தகவல் சேகரிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, எனக்குத் தெரிந்த வரையில் எதுவும் இல்லை, விளம்பரத்துக்கானது மட்டும் என்று எழுதினேன். தனியுரிமைக் கொள்கைக்கு ஒரு பக்கம் எழுதி இணையத்தில் வைத்தேன். பி.டி.எஃப். ஆக வைத்தால் ஏற்க மாட்டார்கள். சாதாரண பக்கமாக, யாரும் எந்த நாட்டிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். விளையாட்டுக்குள்ளும் அதற்கு ஒரு இணைப்பு.

பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பித்தேன். சோதனை எப்படி நடந்தது, என்ன மாற்றினீர்கள் என்று கேட்கும் கேள்விகளுக்கு உண்மையாக எழுதினேன். அனுமதி வந்தது. வெளியீட்டை அனுப்பினேன். ஆறாம் நாள் இரண்டாவது மறுப்பு: குழந்தைகளுக்கு மட்டுமான விளையாட்டில் விளம்பர அடையாள எண்ணுக்கான அனுமதி இருக்கிறது.

கைபேசி ஒவ்வொன்றிலும் விளம்பரத்துக்கென ஓர் அடையாள எண் உண்டு. யார் எதைப் பார்க்கிறார் என்று தொடர அது போதும். குழந்தைகளின் இணையத் தனியுரிமைக்கான அமெரிக்காவின் காப்பா சட்ட விதிகளில் 2013 திருத்தத்துக்குப் பிறகு, 13 வயதுக்குட்பட்ட குழந்தையின் இந்த மாதிரி நிலையான எண்ணும் தனிப்பட்ட தகவல்தான். நம் நாட்டில் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இன்னும் மேலே போகிறது. அதில் குழந்தை என்றால் 18 வயது நிரம்பாதவர். பிரிவு 9 பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது, குழந்தைகளைத் தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்த விளம்பரத்தையும் தடுக்கிறது. அந்த ஒப்புதலை வேளச்சேரி வாடகை வீட்டிலிருந்து நான் எப்படி வாங்கிச் சரிபார்ப்பது?

நான் அந்த அனுமதியைக் கேட்கவே இல்லையே என்று முதலில் கோபம் வந்தது. அனுமதிகளைப் பட்டியலிடும் என் மேனிஃபெஸ்ட் கோப்பில் அந்த வரி கிடையாது. ஆனால் கடைக்குப் போவது என் மேனிஃபெஸ்ட் அல்ல. நான் சேர்த்த ஒவ்வொரு நூலகமும் தன் மேனிஃபெஸ்டைக் கொண்டுவந்து கலக்கிறது, கலந்த பிறகு உள்ளதுதான் போகிறது. அதைப் பார்க்க ஒரு கட்டளை போதும்:

```
java -jar bundletool-all.jar dump manifest --bundle=thayam.aab | grep permission.AD_ID
```

ஒரு வரி வந்தது: `com.google.android.gms.permission.AD_ID`. கொண்டுவந்தது யார் என்று பார்க்க, யூனிட்டியிலிருந்து கிரேடில் ப்ராஜெக்டாக எடுத்து, அங்கே கட்டியபோது உருவாகும் `manifest-merger-release-report.txt` கோப்பைத் திறந்தேன். அந்த அனுமதியின் கீழ் இரண்டு பெயர். ஒன்று விளம்பர நூலகம், எதிர்பார்த்ததுதான். மற்றது, ஆடுபவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று கணக்கெடுக்கும் ஒரு ப்ளகின். ஆறு மாதத்துக்கு முன்னால், எந்தக் கட்டத்தில் பையன்கள் நிறுத்துகிறார்கள் என்று பார்க்கலாமே என்று சேர்த்து, ஒரு நாள் பார்த்துவிட்டு, அழைக்கும் குறிமுறையை மட்டும் நீக்கியிருந்தேன். ப்ளகின் உள்ளேயே இருந்தது. நான் அழைக்காவிட்டாலும் விளையாட்டு திறக்கும்போது அது தானாக எழுந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ‘விளம்பரத்துக்கானது தவிர எதுவும் சேகரிக்கவில்லை’ என்று படிவத்தில் எழுதியபோது நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல்.

மேனிஃபெஸ்டில் ஒரு வரி சேர்த்தால் அந்த அனுமதியை மட்டும் கழற்றலாம்:

```xml
<uses-permission android:name="com.google.android.gms.permission.AD_ID"
    tools:node="remove" />
```

மறுப்பிலிருந்து தப்பிக்க இது போதும். ஆனால் ப்ளகின் உள்ளேயே இருந்து மற்ற தகவலை அனுப்பிக்கொண்டிருந்தால் படிவம் பொய்யாகவே இருக்கும். ப்ளகினை அடியோடு நீக்கினேன். அந்த வேகத்தில் விளம்பரத்தையும் நீக்கினேன். தாயத்துக்கு எத்தனை பேர் வரப்போகிறார்கள், அதில் விளம்பரக் காசு எவ்வளவு வரும்? ஒரு மாத டீக்காசு தேறாது. இரண்டும் போனதும், யூனிட்டியில் இணைய அனுமதியை `Auto` என்று வைத்து வெளியீட்டுக்கான பதிப்பைக் கட்டினேன். அதே கட்டளையில் `INTERNET` என்று தேடினேன், ஒரு வரியும் வரவில்லை. இணையத்துக்கே போகாத விளையாட்டு எதை அனுப்பும்? படிவத்தை இரண்டு நிமிடத்தில் மறுபடி நிரப்பினேன். விளையாட்டு நின்றுபோனால் தெரிய வேண்டுமே என்றால், கன்சோலில் ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் பக்கமே அதைக் காட்டுகிறது, அதற்கென்று தனியாக எதையும் உள்ளே வைக்க வேண்டியதில்லை.

11-ஆம் பதிப்பை வெளியீட்டுக்கும் க்ளோஸ்டு டெஸ்டுக்கும் ஏற்றினேன். விளம்பர அடையாள எண் பயன்படுத்தவில்லை என்று அறிவித்தேன். கன்சோல் ஒத்துக்கொள்ளவில்லை. அறிவிப்பும் கோப்பும் முரண்படுகின்றன என்றது. கட்டளையை மூன்று தடவை ஓட்டினேன், சுத்தமாக இருந்தது. ராத்திரி ஒரு மணி வரை குடைந்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்தது, 4-ஆம் பதிப்பு. இன்டர்னல் டெஸ்டிங்கில் நான் ஒருவன் மட்டும் இருந்த தடத்தில், விளம்பரமும் ப்ளகினும் அப்படியே வைத்துக்கொண்டு அது உயிரோடு இருந்தது. புதியதை ஏற்றாத தடத்தில் பழையது நடப்பில்தான் இருக்கும். அறிவிப்பு, விளையாட்டு முழுவதற்கும் ஒன்றுதான். அங்கேயும் 11-ஐ ஏற்றிப் பழையதை வெளியே தள்ளினேன். முரண்பாட்டுச் செய்தி போய்விட்டது. நான்காம் நாள் விளையாட்டு கடையில்.

மொத்தச் செலவு 25 டாலர், சோதனைக்காரர்களுக்கு மெஸ்ஸில் பரோட்டா 940 ரூபாய். ஆப்பிள் பக்கம் இப்போதைக்குப் போகவில்லை. ஆண்டுக்கு 99 டாலர், அதோடு குழந்தைகள் பிரிவில் போட்டால் வெளியே போகும் இணைப்பு எதுவானாலும் பெற்றோர் பூட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். என்னிடம் இருக்கும் ஒரே இணைப்பு தனியுரிமைக் கொள்கை. பையன்கள் தாண்ட முடியாத, பாட்டிகள் தாண்டக்கூடிய பூட்டு என்ன மாதிரி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டிலக்கப் பெருக்கல் கணக்கு என்று நினைத்தேன். அக்கா மகன் அதையும் போட்டுவிட்டான். பாட்டிக்குத்தான் கண்ணாடி கிடைக்கவில்லை.